அந்தப் பெயரில் யாரும் வேலை பார்க்கவில்லை

“மேடம், நீங்க குடுத்த நம்பருக்குப் பேசினோம். அந்தப் பேர்ல தன்கிட்ட யாரும் வேலை பார்க்கலன்னு சொல்றாரு.”

மஞ்சக்குப்பத்துத் தனியார் ஆஸ்பத்திரியின் எச்.ஆர். பெண் இதைச் சொன்னபோது நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். கைப்பேசி தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. கை முழுக்கச் செதில். “யாரு, எங்க பழைய மேனேஜரா?” என்று கேட்டேன். “ஆமாம் மேடம். ரெண்டு தடவ கேட்டோம். தெரியாதுன்னு வச்சிட்டாரு” என்றாள். குரலில் மரியாதை இருந்தது. ஆனால் போன வாரம் இண்டர்வியூவில் இருந்த சிரிப்பு இல்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

இண்டர்வியூ நன்றாகத்தான் நடந்தது. அந்த ஆஸ்பத்திரி பார்மசி ஸ்டோரில், குளிரில் வைக்கவேண்டிய மருந்துகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. நான் அந்த வேலையைத்தான் ஆறு வருஷம் பார்த்திருந்தேன், ஓ.டி. என்று நாங்கள் சொல்லும் பழைய டவுன் பக்கம் இருந்த ஒரு மொத்த மருந்துக் கம்பெனியில். இன்சுலின், தடுப்பூசி, சில கண் சொட்டு மருந்து எல்லாம் என் பொறுப்பு. ஃப்ரிட்ஜ் ரெண்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது. கேட்ட கேள்விக்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொன்னேன். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோதுதான் விழித்தேன். முதலாளி இறந்து, பிள்ளைகள் கம்பெனியை மூடிவிட்டார்கள். அனுபவச் சான்று கேட்டுத் தட்ட அங்கே கதவுகூட இல்லை. சரி, மேனேஜர் நம்பர் கொடுங்கள், பேசிக்கொள்கிறோம் என்றார்கள். கொடுத்தேன். அவர் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள அவர்கிட்டேருந்து ஒரு ரெஃபரன்ஸ் லெட்டர் வந்தா பாக்கலாம் மேடம். இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க. எனக்கே உங்களத்தான் எடுக்கணும்னு இருந்துச்சு” என்றாள். பாவம், நல்ல பெண்தான்.

நெத்திலியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அன்றைக்கு மூக்கில் இல்லை, உடம்பு முழுக்க இருந்தது. தெரியாதாமே! ஆறு வருஷம் தினமும் காலையில் முதல் ஆளாக வந்து, ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் நான் டீ குடித்திருக்கிறேன். அந்த மனுஷனுக்கு என்னைத் தெரியாதாம்.

காரணம் என்ன என்று எனக்கு நானே முடிவுசெய்துகொண்டேன். நான் சொல்லாமல் கொள்ளாமல் போனவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், படகிலிருந்து இறங்கி வலையை உதறிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று போன் வந்தது. பக்கவாதம். போட்டது போட்டபடி ஓடினேன். புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்கி வீட்டுக் கட்டில் வரைக்கும் அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு வருஷங்கள் போய்விட்டன. வேலைக்குத் திரும்பவே இல்லை. பழைய சிம்மும் செத்துப்போனது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மேனேஜர் பழிவாங்குகிறார் என்று நினைத்தேன்.

இப்போது என் வீட்டுக்காரர் கோல் ஊன்றி நடக்கிறார். ஆனால் படகேற முடியாது. என் தம்பிகள் இதுவரை தாங்கினார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் வளர்கிறார்கள், முகத்தில் தெரிய ஆரம்பித்துவிட்டது. என் மகள் பிளஸ் டூ. மேலே படிக்க வைப்போமா என்று அவள் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்கு வலித்தது. இந்த வேலை கிடைக்கவில்லையென்றால் அவளை ஏதாவது ஜவுளிக்கடையில் நிற்க வைக்கவேண்டியதுதான்.

கோபத்தை விழுங்கிக்கொண்டு மேனேஜருக்கு வாட்ஸப்பில் எழுதினேன். மகள்தான் தட்டினாள். இப்படி ஒரு கடிதம் கேட்கும்போது எழுதுகிறவருக்கு வேலை வைக்கக்கூடாது, எல்லா விவரமும் நாமே கொடுக்கவேண்டும் என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருக்கிறாராம். அதனால் ஒன்று விடாமல் போட்டோம். ஆதாரில் இருக்கிற முழுப் பெயர், இனிஷியலோடு. சேர்ந்த மாதம், விலகிய மாதம். பதவி: கிடங்கு உதவியாளர். செய்த வேலைகள். இப்போது விண்ணப்பித்திருக்கும் வேலை, கடிதம் யாருக்கு, எந்த மெயிலுக்கு, எந்தக் கிழமைக்குள். “தங்கள் மேலான வழிகாட்டுதலின் கீழ்ப் பணிபுரிந்த” என்று ஆரம்பித்து “தங்கள் உண்மையுள்ள” என்று முடித்தோம். படித்துப் பார்த்தேன். கலெக்டருக்கே அனுப்பலாம் போல இருந்தது.

ரெண்டு டிக்கும் நீலமானது. பதில் இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், கட் செய்தார். மறுநாள் காலையில் ஒரே ஒரு வரி வந்தது: “அந்த மாதிரி சர்ட்டிபிகேட் எல்லாம் நான் தருவதில்லை. இனி தொந்தரவு செய்யவேண்டாம்.”

அந்த மாதிரி என்றால் எந்த மாதிரி? நான் என்ன அவர் சொத்தையா எழுதிக் கேட்டேன்? கைப்பேசியைக் கட்டிலில் வீசினேன். வீட்டுக்காரர் அதை எடுத்து, கோணிக்கொண்ட வாயால் மெதுவாகச் சொன்னார்: “நேர்ல போ. மூஞ்சியப் பாத்தா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க.”

“மூஞ்சியப் பாத்துட்டே இல்லன்னு சொன்னா இன்னா மாமா பண்றது?”

“அப்ப திட்டிட்டு வா” என்றார். அவர் சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கும். எனக்கு அது பழகிவிட்டது.

கம்பெனி மூடியபிறகு அந்த மேனேஜர் சிதம்பரத்தில் மைத்துனருடைய மெடிக்கலில் உட்காருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஒவ்வொரு ஊராகப் போகப்போக, அவரிடம் என்ன சொல்வது என்று உள்ளுக்குள் ஒத்திகை. ‘உங்களுக்கு மனசாட்சி இருக்கா சார்’ என்று ஆரம்பிப்பதா, காலில் விழுவதா என்று முடிவுக்கு வர முடியவில்லை. முட்லூர் தாண்டும்போது காலில் விழுவதாக முடிவுசெய்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது திட்டுவதாக மாற்றினேன். பையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. ஆதார், ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வாட்ஸப்பில் அனுப்பியதன் பிரிண்ட் எல்லாம் அதில். நான் நான்தான் என்று காட்ட என்னிடம் இருந்த எல்லாமே அவ்வளவுதான்.

தெற்கு வீதியில் விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தேன். கூட்டம் இருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு மருந்துச் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அது மட்டும் மாறவில்லை. தலைமுடிதான் மொத்தமாக வெளுத்திருந்தது. என் முறை வந்தபோது கவுண்டரில் ஃபைலை வைத்தேன்.

“என்னம்மா வேணும்?” என்று நிமிர்ந்தார். பிறகு கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

“அட! ஃப்ரிட்ஜம்மா!”

கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெயர் எனக்கு மறந்தே போயிருந்தது. எங்கள் கம்பெனியில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, பார்க்கிற வேலைதான் பெயர். பில் போடுகிறவர் பில்லிங், வண்டி ஓட்டுகிறவர் வேன், காலாவதி மருந்தைத் திருப்பி அனுப்புகிறவர் எக்ஸ்பைரி. ‘எக்ஸ்பைரி இன்னும் வரலையா, உடம்பு சரியில்லையா’ என்று கேட்போம், யாரும் சிரிக்கக்கூட மாட்டோம். சேர்ந்த அன்றைக்கு என்னை ஃப்ரிட்ஜுக்கு அனுப்பினார்கள், நான் ஃப்ரிட்ஜம்மா ஆனேன். வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேறு, ஆதாரில் இருப்பது வேறு. அங்கே ரெண்டையும் யாரும் கேட்கவில்லை. சம்பளம் முதலாளி கையால், கவரில். அதன்மேலும் பென்சிலில் ‘ஃப்ரிட்ஜ்’ என்றுதான் எழுதியிருக்கும். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. குளிர்பெட்டி மாதிரி உடம்பு என்று கேலி செய்கிறார்கள் என்று ஆரம்பத்தில் அழுதுகூட இருக்கிறேன்.

ஃபைலைத் திறந்து பிரிண்டை அவர் முன்னால் வைத்தேன். “இது நான்தான் சார். இந்தப் பேரு என் பேருதான் சார்.” அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அழுதுவிட்டேன். திட்டவேண்டும் என்று கட்டிக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றுகூட உதவவில்லை.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளேயிருந்த ஸ்டூலைக் காட்டினார். கடைப் பையனிடம் கவுண்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். முதலில் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, “வீட்டுக்காரரு…” என்று இழுத்தார்.

“இருக்காரு சார். கோல் ஊனி நடக்கறாரு.”

“இருக்காரா!” என்று மூச்சை விட்டார். “நீ திரும்பி வரவே இல்லையா, நம்பரும் போகலையா, நான் முடிஞ்சிருச்சின்னே நெனச்சிட்டேன்மா. வீடு தேடி வந்து எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்.”

மூன்று வருஷமாக இந்த மனுஷன் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் என் தாலியை அறுத்துவிட்டு வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். மொத்த மருந்துக் கடைக்கு லைசென்ஸ் எடுக்கவேண்டுமென்றால், மருந்து வியாபாரத்தில் வேலை பார்த்த அனுபவம் உள்ள ஆளைக் காட்டவேண்டும். கம்பெனி மூடிவிட்டதால் சரிபார்க்க ஆளில்லை என்று தெரிந்துகொண்டு, முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவரிடம் பொய்ச் சான்று கேட்டு வருகிறார்களாம். “உன் மெசேஜும் அச்சு அசல் அந்த மாதிரியே இருந்துச்சு. மேலான வழிகாட்டுதல், கிடங்கு உதவியாளர்… நம்ம கிடங்குல எவன்மா உதவியாளர்? இந்தப் பேர்ல ஒருத்தியும் கிடையாதேன்னு ஆஸ்பத்திரிலேருந்து கேட்டப்பவே சொல்லிட்டேன். வாட்ஸப் போட்டோவுல வேற திருவந்திபுரம் பெருமாள்தான் இருக்காரு. அவரு என்கிட்ட வேல பாக்கலையே.”

எழுதுகிறவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அத்தனை விவரம் கொடுத்தோம். அவர் என்னை அடையாளம் காண ஒன்றே ஒன்று போதும், அதை மட்டும் விட்டுவிட்டோம்.

“நாளைக்குள்ள வேணும் சார்” என்றேன். “நீங்க எழுதறதுக்குக் கஷ்டம் வேணாம்னு நானே ஒரு லெட்டர் அடிச்சு வச்சிருக்கேன். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.”

ஃபைலின் அடியிலிருந்து அதை எடுத்தேன். பழைய கம்பெனி லெட்டர்பேடின் நகல் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதே மாதிரி மேலே அச்சடித்திருந்தோம். அவர் வாங்கிப் படித்தார். கடின உழைப்பாளி, நேர்மையானவர், நேரம் தவறாதவர், சொந்தக் காரணங்களுக்காக விலகினார். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூடின கம்பெனி லெட்டர்பேடு, அது முதல் தப்பு. ஆஸ்பத்திரிக்காரன் விசாரிச்சான்னா ரெண்டு பேரும் மாட்டுவோம். அப்பறம், இது யாருக்கு வேணா பொருந்தும். பில்லிங்குக்கும் இதத்தான் எழுதலாம். அவன் என்னிக்கி நேரத்துக்கு வந்தான்?”

இவ்வளவு தூரம் வந்து, ஆள் தெரிந்து, கண்ணீர் விட்டு, கடைசியில் கையெழுத்தில் வந்து நிற்கிறது. “சார், என் பொண்ணு வாழ்க்க சார் இது” என்று கையைக் கூப்பினேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. “கையக் கீழ போடும்மா. எழுதலன்னா சொன்னேன்? நானே எழுதறேன்னு சொல்றேன். நாளைக்கி அவுங்க போன் பண்ணா நான் எழுதினதத்தான் நான் பேச முடியும்.”

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். மேலே தன் பெயர், கடை விலாசம், போன் நம்பர். எங்கள் பிரிண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதங்களையும் மெயில் விலாசத்தையும் அதைப் பார்த்து எழுதினார். அந்த மட்டுக்கு அது உதவியது. நான் அங்கே இன்ன வருஷம் முதல் மேனேஜராக இருந்தேன், கம்பெனி இப்போது இல்லை, அதனால் என் சொந்தப் பொறுப்பில் எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு என்னைக் கேட்டார். “அங்க உனக்கு என்ன வேல?”

சொன்னேன். அந்த ஸ்டோரில் இன்சுலின்தான் ஜாஸ்தி, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்றேன்.

“அப்ப வெள்ளம் வந்தத எழுதணும்” என்றார்.

ஒரு மழையில் ஓ.டி. முழுக்கத் தண்ணீர் நின்றது. ஜெனரேட்டரும் முழுகிவிட்டது. நான் துறைமுகத்து ஐஸ் ஃபாக்டரியில் தம்பியைப் பிடித்து, மீனுக்குப் போடுகிற ஐஸை வண்டியில் கொண்டுவந்தேன். முதல் பெட்டியில் மீனுக்கு வைக்கிற மாதிரியே இன்சுலினை ஐஸ்மேல் வைக்கப் போனேன். உறைந்தால் இன்சுலின் செத்துப்போகும் என்று அவர் கத்திய கத்தல் தெருவுக்குக் கேட்டிருக்கும். அதன்பிறகு அட்டையும் பேப்பரும் நடுவில் கொடுத்து, தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, ரெண்டு பேருமாகக் காவல் காத்தோம். “நான் கத்தினதையும் எழுதவா?” என்று கேட்டார். எழுதாதீர்கள் என்றேன். எழுதினார். ஒரு தடவை சொன்னால் போதும், மறுபடி அந்தத் தப்பைச் செய்யவே இல்லை என்று அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்.

அடுத்து, நான் ஏன் விலகினேன் என்ற இடம். சொந்தக் காரணம் என்று போட்டுவிடச் சொன்னேன். “சொல்லாம ஓடிப்போனவன்னு எழுதினா எடுக்க மாட்டாங்க சார்.”

“மூணு வருஷம் எங்க போனேன்னு அவுங்க கேக்கத்தான் போறாங்க. அன்னிக்கி சாயந்திரம் நீ எனக்கு போன் பண்ணது ஞாபகம் இருக்கா?”

இல்லை. அந்த நாளில் எனக்கு ஸ்ட்ரெச்சர் மட்டும்தான் ஞாபகம்.

“ஆஸ்பத்திரி வராண்டாலேருந்து பேசின. பின்னால ஒரே சத்தம். வீட்டுக்காரருக்கு எப்படி இருக்குன்னு நான் கேக்கறேன், நீ சொல்ற, சார், ஃப்ரிட்ஜ் சாவி என் டிபன் பையில இருக்கு, கீழ் தட்டுல இருக்கற பெட்டி இன்னிக்கி வேன்ல ஏறணும்னு. அதச் சொல்லிட்டுத்தான் அழுத.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அத எழுதறேன். முன்னறிவிப்பு இல்லாமத்தான் போனான்னும் எழுதறேன்.”

கடையில் யாரோ குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு வரிக்குத்தான் கடைசிவரை சண்டை போட்டேன். என் ஆதார் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில், “எங்கள் நிறுவனத்தில் இவரை அனைவரும் ஃப்ரிட்ஜம்மா என்றே அழைப்போம்” என்று எழுதியிருந்தார். “வேணாம் சார். அசிங்கமா இருக்கு. புது எடத்துலயாவது பேரோட இருந்துட்டுப் போறேன்” என்றேன். அவர் கேட்கவில்லை. “எனக்கு வயசாவுதும்மா. நாளைக்கி போன் வந்து அந்த நீளமான பேரச் சொன்னா, திரும்பவும் யாருன்னுதான் கேப்பேன். இது இருக்கட்டும்” என்றார்.

கையெழுத்துப் போட்டு, தாளைப் படம் எடுத்து, தன் மெயிலிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். என் கையால் போனால் அதையும் நானே எழுதியது என்று நினைப்பார்கள் என்றார். மூலத்தை என்னிடம் கொடுத்தார். நான் கொண்டுபோன லெட்டர்பேடு கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். பஸ்ஸில் அந்தத் தாளை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. முன்னறிவிப்பு இல்லாமல், என்ற இடம் வரும்போதெல்லாம் தாளை மடித்து வைத்தேன். இது வேலையைக் கெடுத்துவிடும் என்றுதான் வீடு வந்து சேரும்வரை நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள். எச்.ஆர். அறைக்கு வெளியே பெஞ்சில் நாலைந்து பெண்கள். அதே வேலைக்கு வந்தவர்களா, வேறு வேலையா, தெரியாது. எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள், இஸ்திரி போட்ட சுடிதார். நான் ஃபைலை மடியில் வைத்து, ஆதார் கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். யாராவது என்னை நான் இல்லை என்றால் காட்டுவதற்கு.

கதவு பாதி திறந்திருந்தது. எச்.ஆர். பெண் போனில் பேசுவது கேட்டது. “சார், லெட்டர் வந்திச்சு சார். ஒரு தடவ கன்பர்ம் பண்ணிக்கலாம்னு…” பிறகு என் பெயரை இனிஷியலோடு முழுசாகச் சொன்னாள். அந்தப் பக்கம் என்ன பதிலோ. இவள் பேசவில்லை. மறுபடி என் பெயரைச் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. மறுபடி மௌனம். என் கையிலிருந்து ஆதார் கார்டு நழுவிக் கீழே விழுந்தது. போச்சு, மறந்துவிட்டார், மறுபடி தெரியாது என்கிறார், எல்லாம் போச்சு. குனிந்து கார்டைத் தேடினேன். கண்ணில் தண்ணீர் நின்றதில் தரை தெரியவில்லை.

உள்ளே திடீரென்று அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, பெஞ்சில் இருந்த எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

“இங்க ஃப்ரிட்ஜம்மா யாருங்க?”

கார்டைத் தரையிலேயே விட்டுவிட்டு எழுந்து நின்றேன். “நான்தாம்மா” என்றேன்.